மருத்துவமனையின் உரிமையாளர் யார்? பங்குப் பதிவேடு பார்த்தவர்கள் உதவவும்

வணக்கம். டர்பனில் எங்கள் கோயில் கமிட்டி, ஒரு தனியார் மருத்துவமனைக் குழுமத்தின் டயாலிசிஸ் பிரிவுக்கு நன்கொடை தர நினைக்கிறது. அது டிரஸ்ட் என்கிறார்கள் சிலர். டாக்டர்களே சேர்ந்து நடத்துகிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். பக்தர்கள் பணம் என்பதால் உறுதியாகத் தெரியாமல் கொடுக்க எனக்கு மனமில்லை.

பில்லின் அடியில் இருந்த கம்பெனிப் பதிவு எண்ணைப் பார்த்தேன். கடைசியில் /07. அப்படியென்றால் லாபத்துக்கு நடக்கும் பிரைவேட் கம்பெனி. லாப நோக்கற்றது என்றால் /08 இருக்கும், பப்ளிக் கம்பெனி என்றால் /06. டிரஸ்டுக்கு இந்த எண்ணே கிடையாது, அது உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் IT என்று தொடங்கும் எண்ணோடு பதிவாகும். ஆனால் /07 கம்பெனியின் பங்குகளை ஒரு டிரஸ்டே வைத்திருக்கலாம், அதனால் எண் மட்டும் போதாது.

கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான CIPC-யில் இயக்குநர் பட்டியல் எடுத்தேன். டாக்டர்கள் பெயர் நிறைய இருக்கிறது, ஆனால் இயக்குநர் எல்லாரும் பங்குதாரர் அல்ல. பல இடங்களில் பெரும்பங்கு தாய்க் கம்பெனியிடமும் சிறுபங்கு டாக்டர்களிடமும் இருக்கிறது.

கம்பெனிச் சட்டம் 26-ஆம் பிரிவின்படி, CoR 24 படிவம் கொடுத்தால் வெளியாளும் பங்குப் பதிவேட்டைப் பார்க்கலாம். யாராவது கொடுத்திருக்கிறீர்களா? காரணம் கேட்டு இழுத்தடித்தார்களா? பதிவேட்டில் இன்னொரு கம்பெனியின் பெயர்தான் இருந்தால், அதற்கும் தனியாகப் படிவம் கொடுக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.