மெசின் 40% நேரம் சும்மா நிக்குதா? கவுண்டர் வேற கதை சொல்லுது

சுன்னாகத்தான்
மிளகாய்த்தூள் பைக்கற் அடிக்கிற மெசின் ஒரு நாளில எவ்வளவு நேரம் சும்மா நிக்குது எண்டு எங்கட முதலாளிக்குத் தெரியவேணும். முழுநாளும் ஸ்டொப்வோச்சோட பக்கத்தில நிக்க ஏலாது. அதால இடையிடையே போய்ப் பாத்து, அந்த நேரம் ஓடுதா நிக்குதா எண்டு எழுதினன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கழிச்சால் வேலை 480 நிமிடம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா, நாளுக்கு 16 தரம், அஞ்சு நாளில 80 தரம் பாத்தன். 32 தரம் மெசின் நிண்டது, அதாவது 40%. ஆனால் கவுண்டரில நாளுக்கு 14,400 பைக்கற் ஏறியிருக்கு. நிமிடத்துக்கு 40 எண்டு பாத்தால் 360 நிமிடம் ஓடியிருக்கவேணும், நிண்டது 25% தான். எதை நம்புறது?

கணக்குப்பிள்ளை
80 காணாது தம்பி. எத்தினை தரம் பாக்கவேணும் எண்டதுக்கு n = 4p(1-p)/e². p எண்டது மெசின் நிக்கிற பங்கு, e எண்டது விடக்கூடிய பிழை. p 0.25, அதில 5% பிழைதான் விடலாம் எண்டால் e 0.0125. 4800 தரம் பாக்கவேணும். எண்ணிக்கை கூடினால் விடை தானாச் சரியாகும்.

தையல் அக்கா
என்னட்டத் தைக்கிற பிள்ளையளின்ர கதையும் இதுதான். நான் உள்ளுக்கு வந்தாலே எல்லா மெசினும் ஓடத் தொடங்கும். அவையின்ர வேகத்தை இப்பிடிக் கண்டுபிடிக்க ஏலுமோ?

பழைய தறிக்காரன்
அக்கா, இதால வேகம் தெரியாது, ஓடினதா நிண்டதா எண்டது மட்டும்தான். உங்களைக் கண்டதும் ஓடத் தொடங்கினால் அதுவும் தெரியாது. கதவடியில கண்ட முதல் கணத்தில என்ன நிலையோ அதையே எழுதவேணும், கிட்டப் போனபிறகு இல்லை.

கணக்குப்பிள்ளை சொன்ன சூத்திரம் சரி. ஆனால் அவர் 25இல் 5% எண்டு எடுத்திட்டார். முதலாளிக்கு 20க்கும் 30க்கும் இடையில எண்டு தெரிஞ்சால் காணும். அதுக்கு e 0.05, 300 தரம் போதும்.

ஆனால் இஞ்ச சிக்கல் எண்ணிக்கையில்லை. 80இல் 40% வந்தால் அதின்ர தளம்பல் ஏறக்குறைய 11 புள்ளி, 29இலயிருந்து 51 வரை. 25 அதுக்குள்ள இல்லை. இதே மாதிரி 4800 தரம் பாத்தாலும் அதே 40தான் வரும். தம்பி, சரியா எட்டு மணி, எட்டரை எண்டுதானே போனீர்? அந்த நேரத்தில அங்க வழக்கமா என்ன நடக்கும்?

சுன்னாகத்தான்
ஓமண்ணை, மணிக்கூட்டைப் பாத்துத்தான் போனன். அரை மணிக்கு ஒருக்காப் பைக்கற்றை நிறுத்துப் பாக்கிற வழக்கம் இருக்கு. கூடக்குறைய இருந்தால் மெசினை நிப்பாட்டித் திருத்துவினம், நாலு நிமிடம் போகும்.

பழைய தறிக்காரன்
அதுதான் விசயம். நிறுக்கிற நேரமும் நீர் போற நேரமும் ஒண்டு. இப்பிடி இடையிடையே பாத்துக் கணக்கெடுக்கிற முறை 1930களில இங்கிலாந்துத் துணி ஆலையளுக்காக டிப்பெட் எண்டவர் கொண்டுவந்தது. பாக்கிற கணம் எழுமாற்றா இருந்தால்தான் இந்தக் கணக்கு நிக்கும்.

எக்ஸெல்லில இதை 20 தரம் போட்டு, வந்த எண்களை மதிப்பா ஒட்டி, வரிசைப்படுத்தும்.

```
=RANDBETWEEN(1,480)
```

37 எண்டு வந்தால் வேலை தொடங்கி 37ஆவது நிமிடம், சாப்பாட்டு நேரத்தை எண்ணக்கூடாது. ஒவ்வொரு நாளும் புதுசா எடும். ரெண்டு நேரம் கிட்டக்கிட்ட வந்தாலும் தள்ளிவைக்காதையும், தள்ளினால் அது உமக்கு வசதியான நேரமா மாறிப்போயிடும். நிண்டால் ஏன் எண்டும் ஒரு சொல் எழுதும்: நிறுவை, பொலித்தீன் றோல், தூள் இல்லை, கரண்ட்.

இன்னொண்டு, நிமிடத்துக்கு 40 எண்டு ஆர் சொன்னது?

சுன்னாகத்தான்
மெசினில ஒட்டியிருக்கிற தகட்டில இருக்கு. இண்டைக்கு எண்ணிப் பாத்தன், 36தான் அடிக்குது.

பழைய தறிக்காரன்
அப்ப 14,400க்கு 400 நிமிடம் ஓடவேணும். நிண்டது 17% தான். கவுண்டர் காட்டின 25இல் மெசின் மெதுவா ஓடுறதும் கலந்திருக்கு.

சுன்னாகத்தான்
அண்ணை, எழுமாற்றா அஞ்சு நாள் பாத்தாச்சு. 100இல் 21 தரம் நிண்டது. அதில 9 நிறுவை, 6 றோல் மாத்தினது, 4 கரண்ட், 2 தூள் இல்லாதது. கரண்ட் நாலும் ஒரே பின்னேரம் வந்தது.

பழைய தறிக்காரன்
21க்கு தளம்பல் 8 புள்ளி, 13இலயிருந்து 29 வரை. இதுக்குள்ள 17உம் கிடக்கு, 25உம் கிடக்கு. ரெண்டையும் பிரிக்க இன்னும் 200 வேணும். கரண்ட் நாலும் ஒரே நிப்பு, அதை நாலு தனிச் சாட்சியா எடுக்க ஏலாது. அதால உண்மைத் தளம்பல் 8ஐவிடக் கூடத்தான்.

கணக்குப்பிள்ளை
அப்ப கரண்ட் போன பின்னேரத்தை வெட்டிவிட்டால்?

பழைய தறிக்காரன்
முதலாளி கேட்டது மெசினின்ர குறையையா, நாளின்ர குறையையா எண்டதைப் பொறுத்தது. நானெண்டால் வெட்டமாட்டன், தனி வரியாக் காட்டுவன்.

சுன்னாகத்தான்
அதை அவரிட்ட இன்னும் கேக்கேல்லை. நிறுவை 9 எண்டதைக் கண்டதும், மெசினை நிப்பாட்டாமத் திருத்த ஏலாதோ எண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டிட்டார்.