சிஸ்டம் 21 ஜிபி காட்டுது, அதில் 8 ஜிபிக்குக் கணக்கு இல்லை. உதவி தேவை

வணக்கம். என் போனும் தம்பி போனும் 128 ஜிபி, ஆண்ட்ராய்டு 13தான். கம்பெனி மட்டும் வேறு. ஸ்டோரேஜ் பக்கத்தில் அவனுக்கு சிஸ்டம் 14 ஜிபி, எனக்கு 21.

நான் புரிந்துகொண்டவரை சிஸ்டத்தை ஆண்ட்ராய்டு தனியாக அளப்பதில்லை. மொத்தம் 128இல் காலியிடம் போக, ஆப், படம், வீடியோ என்று அடையாளம் தெரிந்ததையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சத்தைச் சிஸ்டம் தலையில் கட்டிவிடுகிறது. ஆக, ஊர் பேர் தெரியாத ஃபைலெல்லாம் அங்கேதான்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன்:

```
adb shell df -h /data
```

Size 107G என்று வந்தது. இது 1024 கணக்கு. செட்டிங்ஸின் 1000 கணக்கில் சுமார் 115 ஜிபி. அப்படியென்றால் 128இல் 13 ஜிபி ஆண்ட்ராய்டு பார்ட்டிஷன்களுக்கும் கம்பெனி ஒதுக்கிய இடத்துக்கும் போய்விட்டது. கம்பெனிக்குக் கம்பெனி இந்த ஒதுக்கீடு மாறும், அது சரி. பாக்கி 8 ஜிபி என் `/data` உள்ளேயே இருக்கிறது!

ரீஸ்டார்ட் செய்தேன், ஆப் கேஷ் அழித்தேன், அசையவில்லை. இறக்கி வைத்த அப்டேட் ஃபைலா, லாக் ஃபைல்களா? ரூட் செய்யாத போன். `dumpsys diskstats` பார்த்தால் பிடிபடுமா? ஃபேக்டரி ரீசெட் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.