லெட்ஜர்ல பேலன்ஸ் ஜீரோ, டிவிடெண்டும் வரல, காசு எங்க போச்சு?

தேன்கூடு:
அவசரம் ப்ளீஸ். ஷேர் அக்கவுண்ட்ல 35,000 போட்டேன், 42,000க்கு ஒரு ஷேர் வாங்கினேன், 12,000க்கு இன்னொண்ண வித்தேன், அப்போ மிச்சம் 5,000 இருக்கணும்ல. டிவிடெண்ட் 1,200 வேற வரணும், ஆக மொத்தம் 6,200. இன்னைக்கு லெட்ஜர் எடுத்துப் பாத்தா ஜீரோன்னு காட்டுது. நான் ஒரு பைசா எடுக்கல. புரோக்கர் ஏமாத்துறாங்களா, யார்கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்றது?

பழையமரம்:
பதறாதீங்க தம்பி. வித்த காசு வர ரெண்டு நாள் ஆகும், டி பிளஸ் டூ. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பாருங்க, தானா வந்துடும்.

கணக்குப்பிள்ளை:
எந்த தேதில வாங்கினீங்க, எந்த தேதில வித்தீங்க, லெட்ஜர்ல என்னென்ன வரி இருக்கு, எதுவுமே சொல்லல. கான்ட்ராக்ட் நோட்ட திறந்தாவது பாத்தீங்களா? ட்ரேட் பண்ணின 24 மணி நேரத்துக்குள்ள மெயில்ல வந்திருக்கும். அத பாக்காம புரோக்கர் திருடன்னு எழுதுறது இங்க வாராவாரம் நடக்குது. முதல்ல லெட்ஜர அப்படியே போடுங்க.

மழைத்துளி:
எனக்கும் இதே பிரச்சனைதாங்க! போன வெள்ளிக்கிழமை ஷேர் வித்தேன், லெட்ஜர்ல அன்னைக்கே கிரெடிட் ஆயிடுச்சு, ஆனா பேங்குக்கு எடுக்கலாம்னு பாத்தா ஆப்ல எடுக்கக்கூடிய தொகை பழைய பேலன்ஸ்தான் காட்டிச்சு. திங்கள் சாயங்காலம் வரைக்கும் தூக்கமே வரல.

கணக்குப்பிள்ளை:
மழைத்துளி, அது வேற விஷயம். உங்க கிரெடிட் லெட்ஜர்ல ட்ரேட் தேதில ஏறியிருக்கு, ஆனா செட்டில்மென்ட் அடுத்த வேலை நாள்லதான், வெள்ளிக்கு அடுத்தது திங்கள். அதுவரைக்கும் அந்த காசு எக்ஸ்சேஞ்ச்லேருந்து புரோக்கருக்கே வந்து சேரல, அப்புறம் உங்களுக்கு எப்படி அனுப்புவாங்க? நடுவுல பேங்க் லீவு வந்தா இன்னும் ஒரு நாள் தள்ளும். இவருக்கு காசு லெட்ஜர்லயே இல்ல, ரெண்டும் ஒண்ணு இல்ல.

பழையமரம் சார், டி பிளஸ் டூ போயி ரொம்ப நாளாச்சு. 2023 ஜனவரி 27லேருந்து எல்லா ஷேருக்கும் டி பிளஸ் ஒன்.

தேன்கூடு:
இதோ இதுதான் லெட்ஜர், ஃபோன்ல பாத்து டைப் பண்றேன். செவ்வாய்க்கிழமை ஒரே நாள்ல ரெண்டும் பண்ணினேன்.

```
01-07-2025  Funds added            Cr 35,000.00
01-07-2025  Net settlement Equity  Dr 30,109.15
02-07-2025  DP charges             Dr     15.34
04-07-2025  Quarterly settlement   Dr  4,875.51
            Closing balance             0.00
```

42,000ன்னு ஒரு வரியே இல்ல, 12,000மும் இல்ல. இது என்னோட லெட்ஜர்தானான்னே சந்தேகமா இருக்கு.

வெள்ளைத்தாள்:
உங்களோடதுதான் ப்ரோ. லெட்ஜர்ல ஒவ்வொரு ஷேரும் தனித்தனியா வராது, அன்னைக்கு வாங்கினது வித்ததெல்லாம் கழிச்சு, சார்ஜும் சேத்து, ஒரே வரியா வரும். 42,000ல 12,000 போக 30,000. மேல இருக்கிற 109.15 தான் சார்ஜ். அது சரியான்னு லெட்ஜர்ல பாக்க முடியாது, கான்ட்ராக்ட் நோட்டோட கடைசி பக்கத்துலதான் பிரிச்சு இருக்கும். உங்க புரோக்கரேஜ் ஆர்டருக்கு எவ்ளோ?

தேன்கூடு:
ஆர்டருக்கு 20 ரூபான்னு நினைக்கிறேன்

வெள்ளைத்தாள்:
அப்ப போட்டுப் பாப்போம். ரெண்டு ஆர்டருக்கு புரோக்கரேஜ் 40. எஸ்டிடி டெலிவரில வாங்கினாலும் வித்தாலும் ஆயிரத்துக்கு ஒரு ரூபா, மொத்தம் 54,000க்கு 54. ஸ்டாம்ப் டூட்டி வாங்கினதுக்கு மட்டும்தான், 0.015 சதவீதம், 42,000க்கு 6.30 வரும், ரூபாயா ரவுண்டு பண்ணி 6. எக்ஸ்சேஞ்ச் சார்ஜ் என்எஸ்இ ரேட்டுப்படி 1.60, செபி கட்டணம் 5 பைசா. ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆனா அது புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் சார்ஜ், செபி கட்டணம் மூணுக்கும்தான், எஸ்டிடிக்கும் ஸ்டாம்புக்கும் கிடையாது, அது 7.50. எல்லாத்தையும் கூட்டினா 109.15. பைசா சுத்தமா டேலி ஆகுது பாருங்க.

இதுல புரோக்கர் கைக்குப் போறது அந்த 40 மட்டும்தான், பெரிய தொகை எஸ்டிடிதான், அது அரசாங்கத்துக்கு. நிறைய பேர் மொத்தத்தையும் புரோக்கர் அடிச்சிட்டான்னு நினைச்சுக்கிறாங்க.

மழைத்துளி:
அந்த 15.34 என்னங்க? எனக்கும் அடிக்கடி வருது, கான்ட்ராக்ட் நோட்ல தேடினா இல்ல.

வெள்ளைத்தாள்:
அது டிபி சார்ஜ். விக்கும்போது உங்க டீமேட்லேருந்து ஷேர் வெளிய போகுதுல்ல, அதுக்கு. ஒரு கம்பெனி ஷேருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒண்ணு வித்தாலும் ஆயிரம் வித்தாலும் அதே தொகை. டெபாசிட்டரி சம்பந்தப்பட்டதுனால கான்ட்ராக்ட் நோட்ல வராது, தனி வரியா லெட்ஜர்ல வரும். 13 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேந்து 15.34, இது புரோக்கருக்கு புரோக்கர் மாறும். அதனால ஒரே கம்பெனி ஷேர தினமும் ரெண்டு ரெண்டா விக்காதீங்க.

தேன்கூடு:
சரி அது புரிஞ்சுது. ஆனா 4,875.51 எங்க?? அதுதானே பெருசு. டிவிடெண்டும் இல்ல.

கணக்குப்பிள்ளை:
வரியிலயே எழுதியிருக்கே, Quarterly settlement னு. சும்மா கிடக்கிற காச புரோக்கர் காலாண்டுக்கு ஒரு தடவையோ மாசத்துக்கு ஒரு தடவையோ பேங்குக்கு திருப்பி அனுப்பியே ஆகணும், செபி விதி. நீங்க அக்கவுண்ட் திறக்கும்போது எது வேணும்னு டிக் பண்ணியிருப்பீங்க. 4-ம் தேதி ஜூலையோட முதல் வெள்ளிக்கிழமை. உங்க காச புரோக்கர் தன்கிட்டயே வச்சுக்கிட்டு சுத்தி விடக்கூடாதுன்னுதான் இந்த விதியே வந்துச்சு. டெபிட்னு பாத்ததும் பயப்படுறாங்க. டெபிட்னா லெட்ஜர விட்டு வெளிய போச்சு, அவ்ளோதான் அர்த்தம். குளோசிங் பேலன்ஸ் டெபிட்ல நின்னாதான் நீங்க புரோக்கருக்கு கடன், அதுக்குத்தான் தாமத வட்டி ஏறும். உங்களுக்கு ஜீரோ.

தேன்கூடு:
பேங்க்ல வரலயே சார். இப்பதான் ஸ்டேட்மென்ட் பாத்தேன்.

வெள்ளைத்தாள்:
எந்த பேங்க்? 35,000 எந்த அக்கவுண்ட்லேருந்து போட்டீங்களோ அதுக்குத்தான் வரணும்னு இல்ல. ரெண்டு மூணு பேங்க் இணைச்சிருந்தா முதன்மை அக்கவுண்ட்னு ஒண்ணு இருக்கும், செட்டில்மென்ட் காசு அதுக்குத்தான் போகும். ஆப்ல ப்ரொஃபைல்ல போயி எதுன்னு பாருங்க.

பழையமரம்:
டிவிடெண்ட் விஷயத்துக்கு வரேன். எனக்கு 2015, 2016லல்லாம் லெட்ஜர்லயே டிவிடெண்ட் கிரெடிட் ஆயிருக்கு, நானே கண்ணால பாத்தது. அதனால புரோக்கர் கிட்ட கேக்கறதுல தப்பில்ல. 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு 1,080 போட்டிருப்பாங்க, தேடிப் பாருங்க.

வெள்ளைத்தாள்:
ஐயா நீங்க பாத்தது உண்மையா இருக்கும். அப்போ ஷேர புரோக்கரோட பூல் அக்கவுண்ட்லயே மார்ஜினுக்கு விட்டு வைக்கிற வழக்கம் இருந்துச்சு, கம்பெனி பதிவுல புரோக்கர் பேர் இருந்ததால டிவிடெண்டும் அவங்களுக்குப் போயி, அங்கேருந்து உங்க லெட்ஜருக்கு வந்துச்சு. இப்போ ஷேர் நம்ம டீமேட்லயே இருக்கு, அடமானம் வச்சாலும் பேர் நம்மளுதுதான், அதனால கம்பெனி நேரா டீமேட்ல பதிஞ்ச பேங்குக்கு அனுப்புது. லெட்ஜர்ல தேடவே வேணாம். டிடிஎஸ்ஸும் இதுக்கு வராது, 2025 ஏப்ரல்லேருந்து ஒரு கம்பெனி ஒருத்தருக்கு வருஷத்துல 10,000க்கு மேல குடுத்தாதான் பிடிப்பாங்க.

தேன்கூடு, எக்ஸ் டேட் எப்போ? இடைக்கால டிவிடெண்டா, ஃபைனலா?

தேன்கூடு:
ஜூன் 27 எக்ஸ் டேட். 300 ஷேர், ஷேருக்கு 4 ரூபா. ஃபைனல்னு போட்டிருந்துச்சு

வெள்ளைத்தாள்:
அப்ப இன்னும் வராமலே இருக்கலாம். எக்ஸ் டேட் அன்னைக்கு யாருக்கு டிவிடெண்ட்னு மட்டும்தான் முடிவாகும். ஃபைனல் டிவிடெண்ட பொதுக்குழு கூடி ஒப்புக்கணும், அதுலேருந்து 30 நாளைக்குள்ள குடுக்கணும். கம்பெனியோட கூட்டம் எந்த தேதின்னு எக்ஸ்சேஞ்ச் தளத்துல அறிவிப்புல இருக்கும், அங்கேருந்து எண்ணுங்க.

கணக்குப்பிள்ளை:
ஒண்ணு சேத்துக்கிறேன். வருமான வரிக்கு கணக்கு எடுக்கும்போது இந்த 30,109.15 வச்சு வாங்கின விலைன்னு போட்டுடாதீங்க. வித்ததும் வாங்கினதும் கலந்த தொகை அது. கான்ட்ராக்ட் நோட்லேருந்துதான் எடுக்கணும்.

மழைத்துளி:
42,000கூட சார்ஜ் எல்லாத்தையும் சேத்து வாங்கின விலைன்னு போட்டுக்கலாம்ல? நான் அப்படித்தான் ரெண்டு வருஷமா போடறேன்.

கணக்குப்பிள்ளை:
கூடாது. எஸ்டிடிய மூலதன லாபக் கணக்குல கழிக்க முடியாது. புரோக்கரேஜ், ஸ்டாம்ப், ஜிஎஸ்டி இதெல்லாம் சேக்கலாம். நீங்க போட்டது தப்பு, ஆடிட்டர பாருங்க.

மழைத்துளி:
என் ஆடிட்டர்தான் மொத்தமா போடச் சொன்னார்! டிபி சார்ஜையும் சேத்துத்தான் போட்டார்.

கணக்குப்பிள்ளை:
டிபி சார்ஜ் விக்கிறதுக்கான செலவுன்னு சொல்றவங்களும் உண்டு, அக்கவுண்ட் பராமரிப்பு மாதிரின்னு சொல்றவங்களும் உண்டு, அதுல நான் சண்டைக்கு வரல. எஸ்டிடி சட்டத்துலயே எழுதியிருக்கு, அதுல ரெண்டு பேச்சு இல்ல.

பழையமரம்:
15 ரூபாய்க்கு எதுக்குப்பா இவ்ளோ வாக்குவாதம், அந்த தம்பிக்கு காசு கிடைச்சுதான்னு கேளுங்க.

மழைத்துளி:
வருஷத்துக்கு நூறு தடவை விக்கிறவங்களுக்கு அது 1,500 ரூபா ஐயா.

தேன்கூடு:
கிடைச்சிடுச்சு!! முதன்மை அக்கவுண்ட் என் பழைய கம்பெனி சம்பள அக்கவுண்ட்டா இருந்துச்சு, அத நான் பாக்கறதே இல்ல, 4,875.51 வெள்ளிக்கிழமை ராத்திரியே அங்க வந்திருக்கு. புரோக்கர தப்பா சொன்னதுக்கு ஸாரி. டிவிடெண்ட் அங்கயும் இன்னும் வரல.

வெள்ளைத்தாள்:
நல்லது. அந்த அக்கவுண்ட மூடப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி டீமேட்ல பேங்க மாத்துங்க, ஆப்ல முதன்மைய மாத்தினா மட்டும் போதும்னு நினைக்காதீங்க, டீமேட்லயும் மாறிச்சான்னு உங்க டிபி ஸ்டேட்மென்ட்ல பாத்துக்கோங்க. மூடின அக்கவுண்ட்டுக்கு டிவிடெண்ட் போனா திரும்பிப் போயி கம்பெனியோட செலுத்தப்படாத டிவிடெண்ட் கணக்குல உக்காந்துடும், அப்புறம் பதிவாளர்கிட்ட எழுதி வாங்கணும், ஏழு வருஷம் கேக்காம விட்டா அரசு நிதிக்கே போயிடும். கூட்டத் தேதி என்னன்னு பாத்தீங்களா?

மழைத்துளி:
தேன்கூடு, டிவிடெண்ட் வந்ததும் எந்த அக்கவுண்ட்ல வந்துச்சுன்னு இங்க ஒரு வரி போடுங்க. எனக்கும் ரெண்டு பேங்க் இருக்கு.