மூணு மணி ரிசல்ட்டும் இரண்டு கேள்விகளும்

குடியாத்தம் செவிலியர்:
லாட்டரி நம்பர் கட்டும் பழக்கத்தை விட முயலும் ஒருவரைப் பற்றி, எங்கள் பொது கிளினிக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தறி ஓட்டுபவர், நாற்பது வயசு இருக்கும். தூக்கமில்லை, வயிற்றெரிச்சல் என்று மூன்றாவது மாதமாக வருகிறார். மாத்திரை மாற்றியும் குறையவில்லை.

பீடி, குடி பற்றிக் கேட்கும்போது நாங்கள் இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்போம். பந்தயத்திலோ நம்பரிலோ போடும் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகணும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு போட்டீர்கள் என்று வேண்டியவர்களிடம் பொய் சொல்ல வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலே உட்காரவைத்துப் பேச வேண்டும். அதற்காக நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "சூதாடுவீங்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மூணு நம்பர் லாட்டரியை இங்கே யாரும் சூதாக நினைப்பதில்லை.

அவர் இரண்டுக்கும் இல்லை என்றார். பக்கத்தில் மனைவி இருந்தார், தப்பு எங்களுடையது. அடுத்த தடவை பிரஷர் பார்க்கும் அறையில் தனியாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டாவதுக்கு ஆமாம்மா" என்றார். தினமும் கேரளா லாட்டரி ரிசல்ட்டின் கடைசி மூணு நம்பருக்குப் பணம் கட்டுகிறார். விட்டதைப் பிடிக்கப் போய், கந்துவட்டிக் கடன் 1,80,000 ஆகியிருக்கிறது.

டாக்டர் முதலில் கேட்டது கடனைப் பற்றி இல்லை. "செத்துடலாம்னு தோணுச்சா?" என்று நேராகக் கேட்டார். தோன்றவில்லை என்றார். தோன்றியது என்றிருந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்பியிருப்போம், பேசி வீட்டுக்கு அனுப்பும் விஷயம் இல்லை அது.

அப்புறம் இருபது நிமிடப் பேச்சு, மூன்று வேலைகள். அவர் சம்மதத்தோடு மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னோம். சனிக்கிழமைக் கூலி நேராக மனைவி கைக்குப் போக வேண்டும். ரிசல்ட் வரும் மூணு மணியை ஒட்டி டீக்கடைப் பக்கம் போகக் கூடாது. மூன்றாவது ஒரு நோட்டு: ஆசை எப்போது வந்தது, எங்கே இருந்தார், கையில் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் தணிந்தது.

இரண்டு வாரத்தில் அந்த நோட்டு எங்களையே திருத்தியது. மூணு மணிதான் ஆபத்து என்று நினைத்திருந்தோம். ஆசை பலமாக வந்ததெல்லாம் கடன்காரர் வந்து போன சாயங்காலங்களில். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்திருந்தது. அதனால் கடன்காரர் வந்து போனதும் அவர் அண்ணன் வீட்டுக்குப் போய் அரை மணி உட்கார வேண்டும் என்று வேலையை மாற்றினோம்.

ஆறாவது வாரம் மைத்துனர் நல்ல மனசோடு மொத்தக் கடனையும் அடைத்துவிட்டார். நெருக்கடி போனது, கூடவே பயமும் போனது. அடுத்த சனிக்கிழமை 500 ரூபாய் கட்டித் தோற்றார், அதைப் பிடிக்க இன்னும் 1,500. ஆனால் அன்றைக்கே போன் செய்தார். சறுக்கினால் என்ன செய்வது என்று முதல் நாளே அவர் கையால் ஒரு அட்டையில் எழுதவைத்திருந்தோம்: அதோடு நிறுத்து, மீதிப் பணத்தை மனைவியிடம் கொடு, கிளினிக்குக்குச் சொல். இப்போது ஐந்து மாதம் ஆகிறது.

வாணியம்பாடி கடைக்காரர்:
பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025-இல் மத்தியச் சட்டமே வந்துவிட்டதே. என் தம்பி போனில் ரம்மி ஆப்பை அழித்ததும் விட்டுவிட்டான். வழியை அடைத்தால் போதும் என்பது என் கருத்து.

குடியாத்தம் செவிலியர்:
வழியை அடைப்பது பாதி வேலை, சரிதான். ஆனால் நம் மாநிலத்தில் லாட்டரிக்கு 2003-இலிருந்து தடை. இவர் கட்டியது இந்த வருஷம். தம்பி கையில் திடீரென்று பணம் வரும் நாட்களை மட்டும் கவனியுங்கள், போனஸ், நகை அடகு மாதிரி.

ஆற்காடு மகள்:
எங்கள் அப்பாவுக்கு 68 வயசு. வாழ்க்கையில் சீட்டைத் தொட்டதில்லை. கை நடுக்கத்துக்கு, பார்க்கின்சன் என்று, மருந்து ஆரம்பித்த பிறகு பென்ஷன் பணத்தை நம்பரில் விடுகிறார். நாங்கள் திட்டித் தீர்த்துவிட்டோம். அவருக்கும் நோட்டு கொடுக்கலாமா?

காட்பாடி மருத்துவர் (ஓய்வு):
நோட்டுக்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள் அம்மா. பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை மருந்துகள் சிலருக்கு இப்படி அடக்க முடியாத ஆசையைக் கிளப்பும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள், அவர் அளவைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். அப்பாவைத் திட்ட வேண்டாம்.

பேர்ணாம்பட்டு அக்கா:
நானும் ஏலச்சீட்டு கட்டுகிறேன், மாதம் 2,000. வீட்டுக்காரருக்குத் தெரியாது. இதுவும் இந்தக் கணக்கில் வருமா?

காட்பாடி மருத்துவர் (ஓய்வு):
அது சேமிப்பு அம்மா, சூது இல்லை. நடத்துபவர் நம்பிக்கையானவரா என்று மட்டும் பாருங்கள்.
குடியாத்தம் தங்கச்சிக்கு ஒரு கேள்வி. மனைவியைக் கூப்பிட அவர் சம்மதித்தார். மறுத்திருந்தால்?

குடியாத்தம் செவிலியர்:
இப்போது அப்படி ஒருவர் வருகிறார் சார். கூலியை யாரிடம் கொடுப்பது என்பதிலேயே நிற்கிறோம். முதலாளியிடமே விட்டுவைக்கச் சொன்னால், அவரிடமே முன்பணம் கேட்கிறார். எனக்கு வழி தெரியவில்லை. யாராவது சமாளித்திருந்தால் எழுதுங்கள்.