திட்டைக் காட்டும் தற்காலிக அடுக்குக்குத் தமிழில் என்ன பெயர்?

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

குழுவில் எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் வேலை பழகும் நான்கு பிள்ளைகளுக்காக ரீடச்சிங் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். லேயருக்கு அடுக்கு, மாஸ்க்குக்கு மறைப்பு என்று ஓடிக்கொண்டிருந்த வேலை ஒரே ஒரு சொல்லில் நின்றுபோய் மூன்று நாளாகிறது.

கல்யாணப் பெண்ணின் முகத்தைச் சரிசெய்து முடித்ததும் திரையில் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். பிரிண்ட் போய் வந்ததும் கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கும், அதுவும் 12×36 ஷீட்டில் முகம் இரண்டு கை அகலத்துக்கு வரும்போது தப்பவே முடியாது. மணிக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன வெளிச்ச வித்தியாசமெல்லாம் கண்ணுக்குப் பழகிப்போய்விடுகிறது. அதனால் வேலை முடியும் முன் ஃபோட்டோஷாப்பில் எல்லா அடுக்குகளுக்கும் மேலே ஒரு `Black & White`, அதற்கும் மேலே செங்குத்தாக ஏறும் ஒரு `Curves` போட்டுப் பார்க்கிறோம். படம் கரியும் சுண்ணாம்புமாக மாறி, ஒளிந்திருந்த திட்டெல்லாம் வெளியே வந்துவிடும். கீழே உள்ள அடுக்கில் அவற்றைச் சரிசெய்துவிட்டு, மேலே போட்டதை நீக்கிவிடுவோம். அந்த அடுக்கு படத்துக்குச் சொந்தமில்லை, ஆல்பத்துக்கும் போகாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம் செய்த பெண் நல்ல மாநிறம். `Info` பலகத்தில் கன்னம் 118, அதை ஒட்டிய திட்டு 112 என்று காட்டியது. ஆறு எண் வித்தியாசத்தைச் சும்மா பார்த்தால் கண் பிடிக்காது. வளைகோட்டில் 60-ஐ 0-க்கும் 130-ஐ 255-க்கும் இழுத்து வைத்தேன். எழுபது எண் இடைவெளி 255 ஆக விரிந்ததால் அந்த ஆறு ஏறத்தாழ இருபத்திரண்டு ஆகி, திட்டு பளிச்சென்று தெரிந்தது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் இந்த வளைகோடு பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கு ஏற்ப, 140-க்கு மேலே ஏறுவதாக இருக்கிறது. அதை அப்படியே நம் ஊர் முகத்தின் மேல் போட்டால் கன்னம் முழுக்கக் கருப்பாகிவிடும், ஒன்றும் தெரியாது. பையன்கள் "திட்டே இல்லண்ணே" என்று சொல்லிவிடுவார்கள். அந்தந்த முகத்தின் எண்களைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும்.

இதைக் கடையில் செக் லேயர் என்கிறோம், சிலர் ஹெல்ப் லேயர் என்பார்கள். குறிப்பேட்டில் "சோதனை அடுக்கு" என்று எழுதினேன். அதைப் படித்த ஒரு பையன், சும்மா போட்டுப் பார்க்கும் அடுக்கு என்று நினைத்து அழிக்காமலே லேபுக்கு அனுப்பப் பார்த்தான். நல்ல சொல் ஒன்று வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருமங்கலம்

தம்பி, விளக்கம் நன்றாகப் புரிந்தது. "உரைகல் அடுக்கு" என்று சொல்லிப் பாருங்கள். தட்டான் பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்க்கிறார், நகையை விற்கும்போது கல்லைச் சேர்த்து விற்பதில்லை. நீங்கள் கேட்கும் இரண்டு பொருளும், சரிபார்ப்பதும் பிறகு விலக்கிவிடுவதும், அதில் அடங்கிவிடுகின்றன. நம் வழக்கில் ஏற்கெனவே உள்ள சொல் என்பதால் யாருக்கும் அந்நியமாக இருக்காது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர், மேலூர்

அண்ணே, கான்ட்ராஸ்ட்டை இந்த அளவுக்கு ஏற்றினால் பொண்ணு வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். நான் 15-க்கு மேல் ஏற்றுவதே இல்லை. லேபிலும் அவர்கள் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

> நான் 15-க்கு மேல் ஏற்றுவதே இல்லை

அண்ணே, இது படத்துக்குப் போகிற கான்ட்ராஸ்ட் இல்லை. பார்த்து முடித்ததும் எடுத்துவிடுவோம், வீட்டுக்காரர்கள் இதைக் காணவே மாட்டார்கள். ஆனால் நீங்கள் லேபைப் பற்றிச் சொன்னது முக்கியம். அவர்கள் ஏற்றும் அந்தக் கொஞ்சத்தில்தான் நாம் விட்ட திட்டு எழும்பி வருகிறது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர், மேலூர்

சரி சரி, இப்போது புரிகிறது. அப்படியென்றால் இதே விஷயத்தில் நான் ஒரு தடவை நன்றாக மாட்டியிருக்கிறேன். மேலே இந்த மாதிரி அடுக்கைப் போட்டு வைத்துக்கொண்டே கீழே காலி லேயரில் ஹீலிங் ப்ரஷ் ஓட்டினேன். மேலே உள்ளதை அணைத்ததும் முகமெல்லாம் கருப்பும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக நின்றது. மூன்று மணி நேர வேலை போச்சு. ஏன் அப்படி ஆனது என்று இன்றுவரை தெரியாது.

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

அண்ணே, உங்கள் ப்ரஷ்ஷில் `Sample` என்ற இடத்தில் `All Layers` இருந்திருக்கும். அப்போது ப்ரஷ் மேலே உள்ள அடுக்கையும் சேர்த்துப் பார்த்து, மாறிப்போன நிறத்தையே எடுத்துக் கீழே பூசிவிடுகிறது. `Current & Below` வைத்தால் மேலே உள்ளதைத் தொடாது. அதற்குப் பக்கத்திலேயே சரிசெய்யும் அடுக்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் சின்னப் பொத்தான் ஒன்றும் இருக்கிறது. இன்னொரு பொறி `Ctrl+Shift+Alt+E`. மேலே உள்ளதை அணைக்காமல் அதை அழுத்தினால் எல்லாம் ஒன்றாகக் குழைந்து புது அடுக்காக வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் சொன்னதைக் குறிப்பேட்டில் சேர்க்கிறேன். இதனால்தான் "பிறகு நீக்க வேண்டியது" என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், மதுரை

இதற்கு அடுக்கே தேவையில்லை என்பது என் கருத்து. கிம்ப்பில் `View` பட்டியலில் `Display Filters` இருக்கிறது, அதில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் திரையில் மட்டும்தான் மாறும், படம் மாறவே மாறாது. மேலூர் அண்ணனுக்கு நடந்த மாதிரி நடக்க வழியே இல்லை. ஆகவே சொல்லில் அடுக்கு வரக் கூடாது, "மாறுபாட்டுக் காட்சி" போதும். கான்ட்ராஸ்ட்டுக்கு மாறுபாடு என்றுதான் நாங்கள் எழுதுகிறோம்.

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

திரையில் மட்டும் மாறும் என்பது உண்மை, நல்ல வசதியும்கூட. ஆனால் அதில் மொத்தமாகத்தான் ஏற்ற முடியும். 60-க்கும் 130-க்கும் நடுவே மட்டும் விரித்துக் காட்டு என்று வளைகோட்டில் கேட்பது போல அதில் கேட்க முடியாது. கருத்த முகத்துக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். கிம்ப் 3.0 வந்த பிறகு வளைகோட்டையே அடுக்கின் மேல் அழியாமல் போட்டு எடுக்க முடிகிறது, அது இதற்கு நெருக்கம்.

அப்புறம் மாறுபாடு மட்டும் போதாது என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. நலங்கு முடிந்த மறுநாள் எடுத்த படம், தாடைக்குக் கீழே மஞ்சள் சரியாகப் போகாமல் ஒரு கீற்று நின்றிருக்கிறது. கருப்பு வெள்ளை அடுக்கில் முகம் வழவழவென்று இருந்தது, பிரிண்டில் கழுத்தோரம் மஞ்சளாக வந்து நின்றது. வெளிச்சம் ஒரே அளவாக இருந்து நிறம் மட்டும் மாறினால் அந்த அடுக்குக்குக் கண் தெரியாது. இப்போது இரண்டாவதாக இன்னொன்றும் போடுகிறேன். நடுத்தரச் சாம்பல் நிறத்தை நிரப்பி அதன் கலப்பு முறையை `Luminosity` ஆக்கினால் வெளிச்ச வித்தியாசம் எல்லாம் மட்டமாகி நிறம் மட்டும் மிஞ்சும். அதன் மேல் நிறச்செறிவை ஏற்றினால் மஞ்சள் தனியாக, கன்னச் சிவப்பு தனியாகத் தெரியும். நாம் தேடும் சொல் இந்த இரண்டுக்கும் பொருந்த வேண்டும். "மாறுபாடு" என்று வைத்தால் இரண்டாவது வெளியே போய்விடும்.

பட்டறைக் குடும்பத்துப் பிள்ளை, தெற்கு ஆவணி மூல வீதி

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், உரைகல் என்றதும் எழுதத் தோன்றியது. டீச்சரம்மா மன்னிக்கணும். அப்பா நகைப்பட்டறை வைத்திருந்தார். உரைகல் சொல்வது பொன் எத்தனை மாற்று என்பதை மட்டும்தான். வளையலில் எந்த இடத்தில் பற்று சரியில்லை என்று அது சொல்லாது, அதற்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அண்ணன் கேட்பது எங்கே குறை என்று காட்டும் ஒன்று. நாள்காட்டி, திசைகாட்டி போல "திட்டுகாட்டி" என்றால் வெளிச்சத் திட்டு, நிறத் திட்டு இரண்டுக்கும் சரியாக வரும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருமங்கலம்

மன்னிப்பு எதற்கு, பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம்: திட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அடுத்து வல்லினம் வந்தால் மிகும். ஆகவே "திட்டுக்காட்டி". திசைகாட்டியில் மிகவில்லையே என்று இங்கும் விட்டுவிட முடியாது.

இல்லத்தரசி, உசிலம்பட்டி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்குக் கன்னத்தில் மங்கு உண்டு. தங்கை கல்யாண ஆல்பத்தில் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள், அம்மா தன்னையே அடையாளம் தெரியாதது போல அந்தப் பக்கத்தைத் திருப்புவதே இல்லை. திட்டைக் காட்டிக் கொடுக்க ஒரு கருவி வந்தால் இன்னும் அழிக்கத்தானே செய்வீர்கள்?

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

அக்கா, நீங்கள் கேட்டது குறுக்கே இல்லை. அந்த அடுக்குக்கு மங்கும் மச்சமும் ஃபிளாஷ் விழுந்த கறையும் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கருப்பாகக் காட்டும். மூக்கோர நிழலையும் திட்டு என்றே காட்டும். அதை நம்பி எல்லாவற்றையும் தேய்த்தால் முகம் தட்டு மாதிரி ஆகிவிடும். பையன்களுக்கு நான் வைத்திருக்கும் வழி இதுதான்: அது காட்டியதும் உடனே தொடாதே, அடுக்கை அணை, படத்தை 33 சதவீத அளவுக்குச் சுருக்கிப் பார், அப்போதும் கண்ணில் படுகிறதா என்று பார். பட்டால் ப்ரஷ் ஃப்ளோவை 2 சதவீதத்தில் வைத்து வெளிச்சத்தை மெதுவாக ஏற்றி இறக்கு, படாவிட்டால் விட்டுவிடு. மங்கு, மச்சம், அம்மைத் தழும்பு என்றால் வீட்டாரைக் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பதையும் இனி எழுதிவைக்கிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. திட்டின் ஓரம் சதுரம் சதுரமாகவோ படிப்படியாகவோ தெரிந்தால் அது தோலே இல்லை. ஜேபெக் கோப்பு எட்டுக்கு எட்டுப் புள்ளியாகக் கட்டம் கட்டிச் சுருக்கியதை இந்த அடுக்கு ஊதிப் பெரிதாக்குகிறது. ஒரு பையன் அந்தக் கட்டங்களை அழிக்க ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தான். கேமராவின் மூலக்கோப்பை 16 பிட்டில் திறந்தால் அவை வராது.

கட்டற்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர், மதுரை

மாறுபாட்டை விட்டுவிடுகிறேன். ஆனால் திட்டுக்காட்டியில் "பிறகு நீக்க வேண்டியது" என்பது இல்லையே? நீங்கள் முதலில் கேட்டதே அதைத்தானே. கோபுர வேலைக்குக் கட்டும் சாரம் போல "சார அடுக்கு" என்றால் பிரிக்காமல் யாரும் விட மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருமங்கலம்

சாரம் என்றால் சத்து, பிழிவு என்றும் பொருள் உண்டே. "சார அடுக்கு" என்று படிப்பவர் படத்தின் முக்கியமான அடுக்கு என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராகிவிடும்.

ஆல்பம் வடிவமைப்பவர், திருப்பரங்குன்றம்

இன்று காலை பிள்ளைகளிடம் இரண்டு சொல்லையும் பலகையில் எழுதிக் காட்டினேன். திட்டுக்காட்டியைக் கேட்டதுமே மூன்று பேர் எதற்கு என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள், சாரத்தை ஒருவனும் சொல்லவில்லை. ஆனால் "வேலை முடிஞ்சதும் அதை என்ன செய்யணும்?" என்று கேட்டால் திட்டுக்காட்டியை வைத்து யாருக்கும் பதில் வரவில்லை. இப்போதைக்கு அந்தத் தொகுப்புக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, `திட்டுக்காட்டி - நீக்கு` என்று பெயரிடச் சொல்லியிருக்கிறேன். ஒரே சொல்லில் இரண்டையும் அடக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள், அச்சுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஸ்டூடியோ வைத்திருப்பவர், மேலூர்

அண்ணே, `Current & Below` வைத்துப் பார்த்தேன், பொட்டு விழவில்லை. சொல் எதுவானாலும் சரி, குறிப்பேடு வந்ததும் எனக்கு ஒரு பிரதி.