முதல் முறை சேர்ந்து படத்துக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: எந்தக் காதல் நகைச்சுவை சரியாக அமைந்தது?

பொருநைக்கரை

இரண்டு வீட்டிலும் பேசி முடித்தாயிற்று, நிச்சயத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. "ஒரு தடவை வெளியே போய்ப் பேசிட்டு வாங்க" என்று பெரியவர்களே அனுப்பி வைக்கிறார்கள். எனக்கு அது 2023 மே மாதம், கோயம்புத்தூரில். எந்தப் படம் என்று என்னையே தேர்வு செய்யச் சொன்னார். அப்போதுதான் 'குட் நைட்' வந்திருந்தது. மணிகண்டனும் மீதா ரகுநாத்தும் நடித்தது.

அந்தப் படத்தில் நாயகனுக்கு இருக்கிற பிரச்சினை குறட்டை. யாருடைய குணத்திலும் குறை கிடையாது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லார் வீட்டிலும் குறட்டை விடுகிற ஒருத்தர் இருப்பதால் தியேட்டரே சேர்ந்து சிரித்தது. இடைவேளையில் அவர் தன் அப்பாவின் குறட்டையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார், நான் எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொன்னேன். "உங்க பொழுதுபோக்கு என்ன" மாதிரியான கேள்வி எதுவும் எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதி கொஞ்சம் கனமானது. நாயகி தன்னை ராசியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவள். நாயகனின் அக்காவுக்குக் குழந்தை இல்லாத வருத்தம் ஒரு தனிக் கதையாக வரும். அந்த இடங்களில் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு அக்கா இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு அது மனம்விட்டுப் பேச வழியாக அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையுமா என்று தெரியவில்லை. உங்களுக்கு எப்படி இருந்தது?

மேட்னி ஷோ

நல்ல கேள்வி போட்டீங்கம்மா. திருச்சியில் ஒரு தியேட்டரில் பல வருஷம் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். முதல் முறை சேர்ந்து வருகிற ஜோடியைப் பார்த்ததும் தெரிந்துவிடும். டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள்.

படத்தைப் பற்றி நான் பார்க்கிறது ஒன்றே ஒன்றுதான். கதை தொடங்கும்போது அந்த ஜோடி எந்த இடத்தில் நிற்கிறது? முன்பின் தெரியாதவர்களாக இருந்து மெல்லப் பழகுகிற கதை என்றால், பார்க்க வந்திருக்கும் இரண்டு பேரும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள், கூடவே நடந்து போகலாம். ஏற்கெனவே ஜோடியாகி உடைந்துகொண்டிருக்கிறவர்களோடு கதை தொடங்கினால் அது வேறு. 'ஓ மை கடவுளே' 2020 காதலர் தினத்துக்கு வந்தது. சிரிக்க வைக்கிற படம், எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் விவாகரத்து வழக்கிலிருந்து தொடங்குகிறது. கல்யாணமாகிச் சில வருஷம் ஆனவர்கள் கைகோத்துப் பார்க்கலாம். நேற்று அறிமுகமானவர்கள் அதில் என்ன பேசிக்கொள்வார்கள்?

'லவ் டுடே'யும் அப்படித்தான். பெண்ணின் அப்பாவாக வரும் சத்யராஜ் இரண்டு பேரின் போனையும் மாற்றிக்கொடுத்து ஒரு நாள் வைத்திருக்கச் சொல்கிறார். தியேட்டர் அதிரச் சிரித்தார்கள். ஆனால் இடைவேளைக்கு வெளியே வந்த ஜோடிகள் பலர் தங்கள் போனைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொங்கு இளவல்

இவ்வளவு யோசிக்க என்ன இருக்குங்க? யு சர்டிபிகேட் படமா பார்த்துப் போனாப் போதும். சங்கடமான சீன் வராது. நான் அப்படித்தான் போனேன், ஒரு தொந்தரவும் இல்லை.

மேட்னி ஷோ

பாதி சரி தம்பி. முத்தக்காட்சி, ரத்தம், கெட்ட வார்த்தை விஷயத்தில் சர்டிபிகேட் கை கொடுக்கும். 2024 கடைசியிலிருந்து யுஏ-வையும் 7, 13, 16 வயது என்று பிரித்துவிட்டதால் இன்னும் தெளிவாகவே தெரியும். ஆனால் பழைய காதலியை நினைத்து ஒருவன் இரண்டு மணி நேரம் உருகுகிற படத்துக்கும் குழந்தைகள் பார்க்கலாம் என்று சர்டிபிகேட் கிடைக்கும். பக்கத்தில் புதிதாக ஒரு பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு அதைப் பார்ப்பது பெரிய அவஸ்தை. சர்டிபிகேட் அதைச் சொல்லாது.

டிரெய்லரும் சொல்லாது. முதல் பாதியில் இருக்கிற சிரிப்பையெல்லாம் எடுத்துத்தான் டிரெய்லர் வெட்டுவார்கள். படம் பார்த்த நண்பர் யாராவது இருந்தால், "இடைவேளைக்கு அப்புறம் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு பதில் போதும்.

வைகை வாசகி

என் அளவுகோல் வேறு. பெண் "வேண்டாம்" என்று சொன்ன பிறகு நாயகன் என்ன செய்கிறான்? நம் படங்களில் பாதி, அதற்குப் பிறகும் பின்னாலேயே வருவதைக் காதல் என்று காட்டுகின்றன. சின்ன வயதில் பஸ் ஸ்டாப்பில் அதை அனுபவித்தவர்களுக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வராது. பக்கத்தில் இருப்பவர் அதற்குச் சிரித்தால் அன்றைய நாளே கசந்துவிடும்.

நான் போனது 'ப்ரேமலு', 2024. ஹைதராபாத்தில் நடக்கிற மலையாளப் படம். லண்டன் போக விசா கிடைக்காத சச்சின், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ரீனுவை விரும்புகிறான். ரீனுவுக்கு அப்போது அப்படி எண்ணம் இல்லை என்று தெரிந்ததும் நொந்துபோகிறான், ஆனால் அவளை மிரட்டவோ பழிக்கவோ இல்லை. அவளைத் தன் சொத்து மாதிரி நினைப்பவன் கூட வேலை பார்க்கும் ஆதி. படம் முழுக்கச் சிரிப்புக்கு ஆளாகிறவன் அவன்தான். என்னோடு வந்தவர் ஆதியைப் பார்த்துத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே வந்ததும், "எங்க ஆபீஸ்லயும் ஒரு ஆதி இருக்கான், பெண்கள் ஒதுங்கிப் போவாங்க" என்றார். அவரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்பியது அதிலேயே தெரிந்தது. இப்போது எங்களுக்குக் கல்யாணமாகிவிட்டது.

கொங்கு இளவல்

அக்கா, இது படம் பார்க்கிறதா, பரீட்சை வைக்கிறதா?

வைகை வாசகி

பரீட்சை இல்லை தம்பி. எந்த இடத்தில் சிரிக்கிறார் என்பது தானாகவே காதில் விழும்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்

நானும் மனைவியும் எல்லாக் கல்யாண நாளுக்கும் வீட்டில் 'காதலிக்க நேரமில்லை' போட்டுப் பார்ப்போம். நாகேஷ் பாலையாவிடம் படக்கதை சொல்லும் காட்சிக்கு இன்றைக்கும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஸ்ரீதர் 1964-இல் எடுத்ததற்கு ஈடு இன்னும் வரவில்லை. பிள்ளைகளே, தயங்காமல் அதையே பாருங்கள்.

அடையாறு அருவி

ஐயா, அருமையான படம். ஆனால் முதல் சந்திப்புக்கு யாரும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க முடியாதே. இந்தப் பெயரால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். 2025 பொங்கலுக்கு அதே பெயரில் ரவி மோகன், நித்யா மேனன் நடித்த படம் வந்தது, கிருத்திகா உதயநிதி இயக்கம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் "நல்ல கலகலப்பான படம்" என்று பழையதை மனதில் வைத்துச் சொல்ல, என் தம்பி புதியதற்கு இரண்டு டிக்கெட் போட்டான். அது விந்து தானம் வழியாகக் குழந்தை பெற்றுக்கொள்ளும் பெண்ணின் கதை. துணிச்சலான, நல்ல படம்தான். ஆனால் பேசத் தொடங்கிய முதல் நாளிலேயே "உங்களுக்குக் குழந்தை வேணுமா" என்ற கேள்வி இரண்டு பேர் நடுவிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேரும் அதை விட்டுவிட்டு பார்க்கிங் கட்டணத்தைப் பற்றியே பேசினார்களாம். சம்பந்தம் தொடர்கிறது, கவலை வேண்டாம்.

இதே மாதிரி நடிகரை வைத்தும் முடிவு செய்ய முடியாது. 'குட் நைட்' பார்த்த மயக்கத்தில் 2024 பிப்ரவரியில் மணிகண்டனின் 'லவ்வர்' போனவர்களை எனக்குத் தெரியும். பெயரும் தேதியும் காதலர் தினத்தை நினைவூட்டும். கதையோ சந்தேகத்தாலும் கோபத்தாலும் மூச்சுமுட்டுகிற ஒரு ஆறு வருடக் காதல். அவர் அதில் பிரமாதமாக நடித்திருக்கிறார், அதனாலேயே பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிப் பேச முடியாது.

மேட்னி ஷோ

உட்காரும் இடத்தைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. கடைசி வரிசை மூலை சீட் எடுக்காதீங்க தம்பிமார்களே. உங்கள் மனதில் ஒன்றும் இல்லாவிட்டாலும், டிக்கெட்டைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றும் என்று யோசியுங்கள். திரையிலிருந்து முக்கால் தூரத்தில், நடைபாதையை ஒட்டி எடுங்கள். பாதியில் போன் வந்தால்கூட நாலு பேர் முழங்காலைத் தாண்டாமல் எழுந்து போகலாம்.

சிரிப்புப் படத்துக்குக் கூட்டம் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலைக் காட்சியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் நல்ல ஜோக்கும் நமத்துப்போகும், தன் சிரிப்பு தனக்கே கேட்டு இரண்டு பேரும் அடக்கிக்கொள்வார்கள். அதற்காக முதல் நாள் முதல் காட்சியும் வேண்டாம், விசிலில் வசனமே கேட்காது. முதல் வாரக் கூட்டம் கொஞ்சம் தணிந்த பிறகு வருகிற சனிக்கிழமை மதியக் காட்சி நல்லது. இரண்டரை மணிக்கு உள்ளே போனால் ஐந்து, ஐந்தேகாலுக்கு வெளியே வரலாம், காபி குடிக்க வெளிச்சம் இருக்கும். மாலைக் காட்சி முடிய ஒன்பதரை ஆகிவிடும், "வீட்ல தேடுவாங்க" என்று பெண் கிளம்பிவிடுவாள். படத்தைப் பற்றிப் பேசவே நேரம் கிடைக்காது.

சாயங்கால மழை

எல்லாரும் காதல் படம்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களே. எனக்கு அதிலேயே உடன்பாடு இல்லை. திரையில் அவன் காதலைச் சொல்கிற நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சிலை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கைப்பிடியில் யார் கையை வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த முறை சாதாரணக் குடும்ப நகைச்சுவைக்குப் போனோம், அங்கேதான் இயல்பாகப் பேச்சு வந்தது.

பொருநைக்கரை

நீங்கள் சொல்வதும் நியாயம்தான். ஒருவேளை காதலை மெதுவாகச் சொல்கிற படமாக இருந்தால் அந்த இறுக்கம் வராதோ என்னவோ. 'ப்ரேமலு'வில் நாயகனே சொதப்பித்தான் சொல்வான், அங்கே நாமும் சேர்ந்து சிரித்துவிடலாம்.

சாயங்கால மழை

இருக்கலாம். ஆனாலும் முதல் தடவைக்கு நான் காதல் படத்தைப் பரிந்துரைக்க மாட்டேன், இரண்டாவது தடவைக்குச் சொல்வேன்.

புதுசு கண்ணா புதுசு

இந்த ஞாயிறு எனக்கு இதே நிலைமை. பெண்ணுக்கு மலையாளம் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். மலையாளப் படம் ஒன்று ஓடுகிறது, தமிழ் டப்பிங்கும் இருக்கிறது. எதில் போவது?

வைகை வாசகி

டப்பிங்கிலேயே போங்க. மூலத்தில் போனால் நீங்கள் முதலில் சிரித்து, அவர் சப்டைட்டில் படித்து முடித்துச் சிரிக்கும்போது ஜோக் போய்விடும். "என்ன சொன்னான்?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். முதலில் அவரிடம் டப்பிங் பரவாயில்லையா என்று கேட்டுவிடுங்கள், சிலருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

புதுசு கண்ணா புதுசு

கேட்டுட்டேன் அக்கா. டப்பிங் ஓகே, ஆனா ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை மதியம் போகலாமான்னு கேக்குறாங்க. நடைபாதை ஓர சீட் இரண்டு எடுத்தாச்சு.