பாகை, நிமிடம் கூட்டுறதுக்கு ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே, நான் சுங்கை சிப்புட் பக்கம், அக்கா மகனுக்கு சாயங்காலத்துல கணக்கு சொல்லித் தரேன், இங்க ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம்.

முக்கோணத்தோட மூணு கோணம் 58°47', 64°38', 56°35', கூட்டினா 180° வருதான்னு பாக்கணும். பையன் கால்குலேட்டர்ல 58.47 + 64.38 + 56.35 னு புள்ளி வச்சு தட்டிட்டு 179.20 வருது, அப்ப 179°20', கேள்வியே தப்புங்கிறான். கால்குலேட்டர் நூறு சேந்தாத்தான் ஒண்ணை இடது பக்கம் ஏத்தும், நமக்கு அறுபதுலயே ஏத்தணும், அதான் 40 நிமிடம் குறையுது.

தாள்ல தனித்தனியா போட்டா சரியா வருது. நிமிடம் 47 + 38 + 35 = 120, அதுல ரெண்டு அறுபது, மிச்சம் 0. பாகை 58 + 64 + 56 = 178, ரெண்டைச் சேத்தா 180°0'. ஆனா இவன் எப்பவும் ஒண்ணு மட்டும்தான் ஏத்துவான், 179°60' னு எழுதி வச்சுட்டு போயிடுவான். நிமிடம் 59 தாண்டி நின்னா வேலை முடியலைன்னு அர்த்தம்னு சொல்லிட்டேன், மண்டையில ஏறலை லா.

கால்குலேட்டர்ல °'" பட்டன் இருக்கு, 58 தட்டி அதை அமுக்கி, 47 தட்டி மறுபடி அமுக்கினா அதுவே சரியா ஏத்திடும், ஆனா இப்பவே அதைக் காட்ட எனக்கு மனசில்ல.

டியூஷன் எடுக்கிறவங்க யாராச்சும் சொல்லுங்க, கூட்டல் நல்லா படிஞ்சப்புறம் 180° - 123°25' மாதிரி கழித்தலுக்குப் போறதா, இல்ல 180° யை 179°60' னு உடைக்கிறதை முதல்லயே காட்டினா அறுபது சீக்கிரம் புரியுமா?